நல்ல காலில் மூன்று மிதி

எல்லாரும் இந்த உலகத்துக்குத் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு வருகிறார்கள். நான் காலை நீட்டிக்கொண்டு வந்தேன். மருத்துவச்சி என் பாதத்தைக் கண்டதும் ஒரு கூச்சல் போட்டாளாம். அது பயத்தில் போட்ட கூச்சல் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். பிறகுதான் தெரிந்தது, அவளுக்கு அப்போது இடுப்பில் பிடிப்பு இருந்திருக்கிறது. காலால் பிறந்த பிள்ளை மிதித்தால் சுளுக்கு விட்டுப்போகும் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. தொப்புள்கொடி அறுத்த சூட்டோடு என்னைத் தூக்கி, என் பாதத்தைத் தன் இடுப்பில் வைத்து அழுத்திக்கொண்டாளாம். ஆக, என் முதல் நோயாளி அவள்தான்.

அன்றிலிருந்து என் கால்கள் எனக்குச் சொந்தமில்லை. பக்கத்து வீட்டில் யாருக்காவது கழுத்துப் பிடித்தால் என்னைத் தொட்டிலிலிருந்து தூக்கிக்கொண்டு போவார்கள், அரிவாள்மணையை இரவல் வாங்குவதுபோல. வளர்ந்தபின் நானே நடந்து போக வேண்டியதாயிற்று. அதுதான் வித்தியாசம். நோயாளி சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அல்லது பாயில் குப்புறக் கிடப்பார். நான் வலது காலால் மூன்று தடவை மிதிப்பேன். மிதிப்பது என்றால் மிதிப்பதுமில்லை, ஒற்றுவதுமில்லை, இரண்டுக்கும் நடுவே ஒன்று. கண்டியில் கதவைத் தட்டாமல் எந்த வீட்டுக்குள்ளும் போகக்கூடிய மனிதர்கள் இரண்டு பேர். ஒருவர் பாதிரியார், மற்றவன் நான்.

என் மிதியில் பலர் குணமானார்கள் என்பதை மறுக்க மாட்டேன். அரிசி மூட்டை தூக்கி முதுகு பிடித்த ஒருவர் வருவார். நான் மிதிப்பேன். அவர் "ஐயோ ஆண்டவரே" என்று வீட்டுக்குப் போய், அதற்கு மேல் வலி வரக்கூடாதே என்று இரண்டு நாள் அசையாமல் படுத்துக் கிடப்பார். படுத்துக் கிடந்ததில் தசை ஆறிவிடும். பெயர் என் காலுக்கு வந்துவிடும்.

இந்தச் சூட்சுமத்தை நானாகக் கண்டுபிடிக்கவில்லை. எனக்குச் சம்பளம் கொடுத்த டொக்டர்தான் ஒருநாள் போட்டு உடைத்தார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். வாவிக்கரையிலிருந்து கடைத்தெருவுக்கு ஏறும் ஒரு சந்தில் சின்ன டிஸ்பென்சரி வைத்திருந்தார். நான் அங்கே கம்பவுண்டர். பகலில் மருந்து கலக்கிப் போத்தலில் ஊற்றிக் கொடுப்பேன், கட்டுத்துணி சுருட்டுவேன். காலையில் வேலைக்கு வருமுன் வீட்டு வாசலில் மிதிப்பேன். இது டொக்டர் காதுக்கு எட்டாது என்று நம்பிக்கொண்டிருந்தேன். கண்டியில் ஒரு விஷயம் ஒருவர் காதுக்கு எட்டாமலிருக்க வேண்டுமானால் அவர் மாத்தளையில் குடியிருக்க வேண்டும்.

"ஐசே, நான் வருசக்கணக்கா கிடந்து படிச்சன்," என்றார் ஒருநாள், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி. "நீர் ஒரு நிமிசத்தில காலை நீட்டிப் படிப்பை முடிச்சிட்டீர். உம்மட காலுக்கு என்ன பட்டம் போடுறது?"

"டொக்டர், நான் வேண்டாம்னுதான் சொல்றேன். விட மாட்டேங்கிறாங்க."

"அப்ப ஒண்டு செய்யும். மிதிக்க முந்தி, எங்க நோகுதெண்டு ஒரு விரலால காட்டச் சொல்லும்."

டிஸ்பென்சரியிலும் அவர் அதைத்தான் செய்வார். 'சுளுக்கு' என்று யார் வந்தாலும், "அந்தப் பேரை நான் வைக்கிறன், நீர் இடத்தைக் காட்டும்" என்பார். தசை இழுபட்டவர் ஒரு விரலால் காட்ட மாட்டார். உள்ளங்கை முழுவதையும் கெண்டைக்கால் மேலோ முதுகு மேலோ தடவி, "இந்தப் பக்கம் பூரா" என்பார். அந்தத் தசையை இறுக்கினாலோ நீட்டினாலோ முகம் சுளிப்பார். எலும்பு மூட்டுகளை இழுத்துக் கட்டியிருக்கும் நார் பிய்ந்தவர் அந்த மூட்டுப் பகுதியைக் கையால் சுற்றிப் பிடிப்பார். அங்கே வீக்கம் இருக்கும், பிறகு நீலம் பாயும், ஆனாலும் முனகிக்கொண்டே ஊன்றி நடப்பார். ஒருவர் விரலை எலும்பின் மேலேயே கொண்டுபோய் வைத்து, அந்த இடத்தை டொக்டர் தொட்டதும் துள்ளினாரானால், டொக்டர் சிரிப்பதை நிறுத்திவிடுவார். "இது சட்டமில்லை ஐசே," என்பார் என்னிடம். "சில நேரம் எலும்பு ஏமாத்தும். சந்தேகமெண்டா உடைஞ்சதெண்டே வச்சுக்கொள்ள வேணும்." நான் தலையாட்டுவேன். தலையாட்டுவதற்குப் பட்டம் தேவையில்லை.

ஒரு மழைக்காலத்தில் டொக்டர் தன் தங்கை மகளின் கலியாணத்துக்கு யாழ்ப்பாணம் போனார். "வாறன்" என்று ரயிலேறியவர், போகும்போது என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "நான் வருமட்டும் ஆரையும் கொல்லாதையும்."

அவர் போன மறுநாள் ஞாயிறு. பூசை முடிந்து வீட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தேன். எங்கள் வீடு மலைச்சரிவில், கடைத்தெருவுக்கு மேலே படிக்கட்டின் உச்சியில் இருந்தது. கண்டியில் ஏழையின் வீடு பணக்காரனின் வீட்டைவிட உயரத்தில்தான் இருக்கும். படிக்கட்டின் உச்சியில் ஒரு கதிரை. கதிரையில் ஒரு மனிதர். கதிரையைத் தூக்கிவந்த இரண்டு பேர் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு பெண், தலையில் சாக்கைக் கவிழ்த்தபடி.

மனிதரை எனக்குத் தெரியும். ஹந்தானை மலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் தபால்காரர் அவர். தினமும் தபால் பையைத் தோளில் போட்டுக்கொண்டு மலையிலிருந்து இறங்கி, தபால் கந்தோரில் கடிதங்களைக் கொடுத்து, வாங்கி, மறுபடி ஏறுவார். மலையில் கொழுந்து பறிக்கவோ செடிகளைக் கவ்வாத்து வெட்டவோ போகாமல், தோட்டத்துத் துரையின் பையைத் தூக்கிக்கொண்டு ஊர் பார்த்து வரும் அந்த வேலை தோட்டத்தில் ஒரு பெருமை. அவர் நடையே தனி. இறங்கும்போது ஒரு கடிதத்துக்கும் நோகாத மாதிரி நடப்பார்.

அந்தப் பெண் அவர் மனைவி. என்னைக் கண்டதும், "ஐயா வந்துட்டாரு, இனி பயமில்ல," என்றாள்.

அந்த வார்த்தையைக் கேட்டால்தான் எனக்குப் பயம்.

நடந்தது இதுதான். முந்தின நாள் மலைப்பாதையில், மோட்டுப் பாலத்தடியில் காலில் அட்டை ஏறியிருக்கிறது. ஒற்றைக் காலில் நின்று குனிந்து அதைப் பிய்த்திருக்கிறார். பாசி பிடித்த கல்லில் பாதம் உள்பக்கமாய் மடிந்துவிட்டது. பை நனையக்கூடாது என்று கையை மேலே தூக்கிக்கொண்டே விழுந்தாராம். பை நனையவில்லை. கால் வீங்கிவிட்டது.

"தோட்டத்து டிஸ்பென்சர்கிட்டக் காட்டலையா?" என்று கேட்டேன்.

"அவரு தலவலிக்கும் அந்தச் சிவப்புத் தண்ணிதான், கால் வலிக்கும் அந்தச் சிவப்புத் தண்ணிதான்," என்றாள் மனைவி. "சுளுக்குக்குத் தண்ணியா குடிக்கிறது? நீங்க ஒரு மிதி மிதிச்சு விடுங்க. நாளைக்கு அவரு பையெடுக்கணும்."

"ஒரு விரலால எங்க வலிக்குதுன்னு காட்டுங்க," என்றேன் தபால்காரரிடம், டொக்டரின் குரலை இரவல் வாங்கிக்கொண்டு.

அவர் விரல் வெளிக்கணுவின் மேல் போய் நின்றது. நான் முதலில் கணுவுக்கு முன்னால், சதைப் பக்கமாக அழுத்திப் பார்த்தேன். முகத்தைச் சுளித்தார், அவ்வளவுதான். பிறகு கணு எலும்பின் பின் ஓரத்தைத் தொட்டேன். தொட்டேன், அவ்வளவே. கதிரையோடு எழுந்துவிட்டார்! மற்றக் காலோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். பாதம் சற்று வெளிப்பக்கமாகத் திரும்பியிருந்தது. ஊன்றச் சொன்னேன். பெருவிரல் தரையில் பட்டதும் வியர்த்துவிட்டது அவருக்கு. விரல்கள் சூடாக இருந்தன, நிறமும் மாறவில்லை, நான் தொடுவது அவருக்குத் தெரிந்தது. அந்த அளவுக்கு நல்ல செய்தி.

"இது உடைஞ்ச மாதிரி இருக்கு," என்றேன். "மிதிக்கக் கூடாது. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

எல்லாரும் சிரித்தார்கள்.

என் வாழ்நாள் முழுவதும் நான் தேடிக்கொண்ட பெயரின் பலன் அது. வாயைத் திறந்தால் வேடிக்கைதான் சொல்வான் என்று ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. இனி நான் 'வீடு எரிகிறது' என்றால்கூட அடுப்பில் என்ன கறி என்றுதான் கேட்பார்கள்.

"விளையாடாதீங்க ஐயா," என்றாள் மனைவி. "விரலை அசைக்கிறாரே! இங்க பாருங்க, அசைங்க. எலும்பு உடைஞ்சா விரல் அசையுமா?"

தபால்காரர் கீழ்ப்படிந்து விரல்களை அசைத்துக் காட்டினார். பொம்மலாட்டம் போல ஐந்தும் ஆடின.

"விரலை ஆட்டுற நரம்பு வேற, தாங்குற எலும்பு வேற. வண்டிக்கு அச்சு முறிஞ்சாலும் மாடு வாலை ஆட்டும்ல?" என்றேன்.

"மாடா? என் புருசன் மாடா?"

இந்த இடத்தில் எனக்கு ஒரு யோசனை தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. எலும்பு என்றேன், ஆஸ்பத்திரி என்றேன், படம் பிடிக்கும் எக்ஸ்ரே என்றேன். நான் சொல்லச் சொல்ல அவர்கள் முகம் மாறியது. ஆஸ்பத்திரி என்ற சொல்லுக்குத் தபால்காரரின் முகத்தில் ரத்தமே இல்லாமல் போயிற்று. "காலை வெட்டிப்புடுவாங்க ஐயா," என்றார். "எங்க லயத்துல, பக்கத்து வீட்டு ஒருத்தருக்கு வெட்டிப்புட்டாங்க." அது சீழ் வைத்து முற்றிப்போன கால், முறிந்த கால் இல்லை என்று எனக்குத் தெரியும். சொன்னேன். காது கேட்கவில்லை அவருக்கு.

பிறகு மனைவி மெதுவாகச் சொன்னாள், என்னைப் பார்க்காமல், கதிரை தூக்கியவர்களைப் பார்த்து. "இவரு மனசு இல்லாம நிக்கிறாரு. நாம அக்குறணைக்கே போவோம். அங்க கடை வச்சிருக்க முஸ்லிம் நானாவும் காலால பொறந்தவருதானாம். நல்லா ஏறி மிதிப்பாராம். 'கடக்'னு சத்தம் வருமாம், அதோட சரியாப்போகுமாம்."

'கடக்'.

அந்தச் சத்தம் எனக்கு அப்போதே கேட்டது. விரிசலோடு ஒட்டிக்கொண்டிருக்கும் எலும்பின் மேல் ஒரு கனமான மனிதர் ஏறி நின்றால் என்னவாகும் என்று தெரிந்தது. பஸ் ஏறிப் போய், குலுங்கிக் குலுங்கி, அங்கே அந்தக் காலை ஒருவர் காலடியில் நீட்டப்போகிறார்கள். டொக்டர் எங்கேயோ யாழ்ப்பாணத்தில் வாழையிலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். என்னிடம் இருப்பது டொக்டர் சொன்ன நாலு வார்த்தை. அதை நம்புகிற ஒருவரும் அந்தப் படிக்கட்டில் இல்லை. அவர்கள் நம்புவது என் காலை மட்டும்.

அப்படியானால் காலே பேசட்டும் என்று நினைத்தேன்.

"இறக்குங்க கதிரையை," என்றேன். "மிதிக்கிறேன்."

மனைவி கும்பிட்டாள். நான் சப்பாத்தைக் கழற்றி, வலது காலைக் கழுவி, முகத்தை வைத்துக்கொள்ளத் தெரிந்த அளவுக்குப் பயங்கரமாக வைத்துக்கொண்டேன். வலித்த காலைத் தொடவில்லை. மற்றக் காலை, நல்ல காலை, என் பெருவிரலால் ஒற்றினேன்.

"ஐயா, அது இல்ல. இந்தக் கால்."

"எனக்குத் தெரியும். சாதாரணச் சுளுக்குக்குச் சுளுக்கின இடத்தில மிதிக்கிறது. இது பெரிய சுளுக்கு. மறுகால்லதான் பிடிக்கணும்." எங்கிருந்து வந்ததோ, வார்த்தை கொட்டியது. "மூணு மிதி ஒரே நாள்ல மிதிச்சா இதுக்குத் தாங்காது. முதல் மிதி இப்போ. ரெண்டாவது, ஆஸ்பத்திரியில மாவுக்கட்டுப் போட்ட பிறகு. மூணாவது, அந்தக் கட்டைப் பிரிச்ச பிறகு. நடுவில வலிச்ச கால்ல வேற எவன் காலும் படக்கூடாது. எண்ணெய் படக்கூடாது. உருவக்கூடாது. பட்டா என் மிதி முறிஞ்சிடும், நான் பொறுப்பில்ல."

எலும்பு முறிந்தது என்றபோது சிரித்தவர்கள், மிதி முறியும் என்றதும் பயந்துவிட்டார்கள்.

"காலை வெட்டினா?" என்றார் தபால்காரர்.

"வெட்டினா என் ரெண்டு காலையும் வெட்டிக் குடுத்திடுறேன்."

"அத வச்சு நாங்க என்ன செய்றது? பையத் தூக்கிட்டு உங்க கால் தனியா மலை ஏறுமா?" என்றாள் மனைவி. ஆனால் அதைச் சொல்லும்போதே சாக்கை உதறித் தலையில் போட்டுக்கொண்டாள். புறப்படுகிறாள் என்று தெரிந்தது.

தேயிலைப் பெட்டியின் மெல்லிய பலகை வீட்டில் இருந்தது. இரண்டு துண்டு எடுத்து, பழைய துணியைச் சுற்றி மெத்தையாக்கி, முழங்காலுக்குக் கீழிருந்து பாதம் வரை இரு பக்கமும் வைத்து, இருந்தபடியே கட்டினேன். நேராக்க முயலவில்லை. அது என் வேலையில்லை. கட்டியபின் விரல் நிறத்தைப் பார்த்தேன். இறுக்கம் அதிகமில்லை. சாப்பிட எதுவும் கொடுக்க வேண்டாம் என்று மனைவியிடம் சொன்னேன். மயக்க மருந்து கொடுக்க நேர்ந்தால் வயிறு காலியாக இருக்க வேண்டும். அதையும் மிதியின் விரதம் என்று சொல்லிவிட்டேன். ஒரு பொய் சொல்லிவிட்டால் மற்றவை சொந்தக்காரர்போல வந்து சேர்ந்துவிடுகின்றன.

கதிரை இறங்கத் தொடங்கியது. நான் குடையோடு முன்னால். "பாத்து வாங்க, இந்தப் படி வழுக்கும்," என்று திரும்பிப் பார்த்துச் சொன்னேன். சொல்லி முடிக்குமுன் அந்தப் படி என்னை எடுத்துக்கொண்டது. இடது பாதம் மடிந்தது. உட்கார்ந்தபடியே நாலைந்து படி இறங்கி, குடையோடு ஒரு சாக்கடையின் ஓரத்தில் போய் நின்றேன்.

மேலே கதிரையிலிருந்து தபால்காரரின் குரல். "ஐயா! பை நனஞ்சிருச்சா?"

அவர் வேடிக்கை பேசியது அந்த ஒரு தடவைதான் அன்றைக்கு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கணுவுக்கு முன்னால் நெருப்பு எரிந்தது. ஆனால் எழுந்து ஊன்றினேன், முனகிக்கொண்டு நடந்தேன். நடக்க முடிகிறதே என்ற எண்ணத்தோடு டொக்டரின் மற்ற வரியும் ஞாபகம் வந்தது. சில நேரம் எலும்பு ஏமாற்றும். கடைத்தெருவில் ஒரு ரிக்‌ஷா பிடித்தோம். அதில் தபால்காரர், காலை நீட்டி. பக்கத்தில் நடந்தபடி நான், காலை இழுத்து.

"ஏன் ஐயா நொண்டுறீங்க?" என்றாள் மனைவி.

"துணைக்கு."

ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். டியூட்டியில் இருந்தவர் ஒரு இளம் சிங்கள டொக்டர். என் பலகைக் கட்டை ஒரு பார்வை பார்த்தார். நல்லது என்று சொல்லவில்லை. கெட்டது என்றும் சொல்லவில்லை. தபால்காரரின் கணு எலும்பை விரலால் தொட்டார். தபால்காரர் வாங்கை இரண்டு கையாலும் பிடித்தார். என் கணுவையும் தொட்டார். எலும்பின் பின் ஓரம், நுனி, பாதத்தின் வெளிப்பக்க எலும்பு, எல்லாம் அழுத்தினார். நோகவில்லை. எலும்புக்கு முன்னாலும் கீழேயும் அழுத்தியபோதுதான் கத்தினேன்.

"உனக்குப் படம் வேண்டாம்," என்றார் என்னிடம், அவருக்குத் தெரிந்த தமிழில். "நார் இழுத்தது. கட்டு. காலை உயர வச்சுப் படு. குளிர்ந்த துணி. சூடு, எண்ணெய் வேண்டாம்."

எனக்குக் கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது. அவருக்குப் படம், எனக்கு ஈரத்துணி.

படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்கள். சாம்பல் நிற எலும்பின் குறுக்கே மயிர் இழைபோல ஒரு கோடு ஓடி, நுனித் துண்டு கொஞ்சம் விலகியிருந்தது. அதை மனைவி வெகுநேரம் பார்த்தாள். "இந்தக் கோட்டு மேலயா அந்த நானா ஏறி நின்னிருப்பாரு?" என்றாள் என்னிடம், மிக மெதுவாக. எனக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வேடிக்கையும் வரவில்லை.

மயக்கம் கொடுத்து, எலும்பை இடத்தில் வைத்து, மாவுக்கட்டுப் போட்டார்கள். விரல் நீலமானாலோ, மரத்துப்போனாலோ, உள்ளே தாங்க முடியாமல் இறுகினாலோ உடனே கூப்பிட வேண்டும் என்று நர்ஸ் மனைவியிடம் சொன்னாள். மனைவி தலையாட்டிவிட்டு, ஒருமுறை சரிபார்க்க என்னைப் பார்த்தாள். நானும் தலையாட்டினேன். அதற்குப் பிறகு செய்ய ஒன்றுமில்லை. வார்டில் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று அந்த ஐந்து விரல்களையும் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர. பை யார் தூக்குவது, துரை எவ்வளவு காலம் பொறுப்பார், கால் முன்போல ஆகுமா, எல்லாம் அந்தக் கட்டுக்குள் இருந்தது. ஊரையே மிதித்த என் காலால் அதில் ஒரு இம்மியும் கூட்டவோ குறைக்கவோ முடியாது.

சில நாள் கழித்துப் பார்க்கப் போனேன். மனைவி காத்திருந்தாள். "ரெண்டாவது மிதி," என்றாள்.

"இங்கயா? இத்தனை பேருக்கு முன்னாலயா?"

"நீங்கதானே சொன்னீங்க, கட்டுப் போட்ட பிறகுன்னு. கட்டுப் போட்டாச்சு. மிதி முறிஞ்சிடும்னு சொன்னீங்களே!"

வார்டில் படுத்திருந்தவர்கள் முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார்கள். என் வைத்தியக் கால் வலதுகால். அதைத் தூக்க வேண்டுமானால் நார் பிய்ந்த இடதுகாலில் முழு உடம்பையும் தாங்க வேண்டும். ஒற்றைக் காலில் நின்றேன். கட்டிலின் இரும்பைப் பிடித்தேன். வலதுகால் உயர்ந்தது, இடது கணுவில் மின்னல் அடித்தது, கண்ணில் தண்ணீர். அதைப் பக்தி என்று நினைத்து அடுத்த கட்டில்காரர் கைகூப்பினார்.

"ஐசே. என்ன நடனம் இது?"

வாசலில் டொக்டர், கலியாணத்தில் சாப்பிட்ட கன்னத்தோடு. ஆஸ்பத்திரியில் தெரிந்த நோயாளி ஒருவரைப் பார்க்க வந்திருக்கிறார். நான் காலை இறக்கவும் முடியாமல் ஏற்றவும் முடியாமல் நின்றேன். மனைவிதான் விஷயம் முழுவதையும் சொன்னாள். கல், அட்டை, நானா, பலகை, மறுகால். டொக்டர் கேட்டுக்கொண்டே தபால்காரரின் விரல்களைத் தொட்டுப் பார்த்தார், கட்டின் ஓரத்தில் ஒரு விரலை நுழைத்துப் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"மிதியும்," என்றார்.

"டொக்டர்?"

"நல்ல காலை மிதியும். மற்றக் காலைத் தொட்டீரெண்டா உம்மட தலையை நான் மிதிப்பன்."

மிதித்தேன்.

கட்டைப் பிரித்த அன்றுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது. உள்ளேயிருந்து வந்த கால் அந்த மனிதருடையதாகவே இல்லை. மெலிந்து, தோல் உரிந்து, கணு இரும்புபோல் இறுகிக் கிடந்தது. ஊன்றினார். முடியவில்லை. மனைவி என்னைப் பார்த்தாள். வெட்டியிருந்தால்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டாள். எலும்பு கூடிவிட்டது, இறுக்கம் மெல்ல மெல்லத்தான் போகும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அந்த 'மெல்ல'வை ஒரு தபால்காரரின் மனைவிக்கு எப்படிச் சொல்வது? மூன்றாவது மிதியைக் கொடுத்தேன். இனித் தினமும் வெந்நீரில் வைத்துப் பாதத்தை மேலும் கீழும் ஆட்ட வேண்டும், கம்பை ஊன்றிக் கொஞ்சம் கொஞ்சமாக நடக்க வேண்டும், இல்லாவிட்டால் மூன்று மிதியும் வீண் என்றேன். அதுவரை அவள் தம்பி பையைத் தூக்கினான். அவன் இறங்கும்போதெல்லாம், "மாமா நடக்கிறாரா?" என்று கேட்பேன். "கதவு வரைக்கும் வந்தாரு" என்பான். மறுதடவை, "லயத்துக் கோடி வரைக்கும்." வேறு நாள் ஒன்றும் சொல்லாமல் போவான். அந்த நாட்களில் மருந்துப் போத்தலில் தவறான லேபிள் ஒட்டுவேன்.

ஒரு காலை டிஸ்பென்சரி வாசலில் ஒரு கம்பின் சத்தம். தபால்காரர். தோளில் பை! மலையிலிருந்து தானே இறங்கி வந்திருக்கிறார். பக்கத்தில் மனைவி. நான் கையிலிருந்த போத்தலை வைத்துவிட்டு ஓடினேன். டொக்டர்கூட எழுந்து வாசலுக்கு வந்துவிட்டார்.

"நடக்கிறீங்களே!" என்றேன்.

"நடக்கிறேன் ஐயா. அந்தக் கால் நல்லாயிருச்சு," என்றார். பிறகு வாங்கில் உட்கார்ந்து மற்றக் காலை நீட்டினார். "இப்ப இந்தக் காலுதான்."

நல்ல கால். கெண்டைக்கால் முழுவதையும் உள்ளங்கையால் தடவிக் காட்டினார். "இந்தப் பக்கம் பூரா. குதி தூக்கினா இழுக்குது."

"நீங்கதான் மூணு தடவை மிதிச்சீங்க," என்றாள் மனைவி. குரலில் கோபம் இல்லை. அதைவிட மோசம், நியாயம் இருந்தது. "ஒண்ணுமில்லாத காலை மிதிச்சா இப்படித்தான் ஆகும். இந்தச் சுளுக்கு அங்கேருந்து இங்க வந்திருச்சு."

அழுத்திப் பார்த்தேன். எலும்பில் நோவில்லை, கணுவில் வீக்கமில்லை. இத்தனை காலம் ஒற்றைக் காலாலேயே உடம்பைத் தாங்கி, இப்போது பையோடு மலையும் இறங்கியதில் தசை இழுபட்டிருக்கிறது. வேறொன்றுமில்லை. சில நாள் பையை இறக்கிவைத்தால் போதும். இந்த ஒன்றுக்குத்தான் என் பிறவியே, மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும் குணமாகிற ஒன்று. டொக்டரைப் பார்த்தேன், காப்பாற்றுவார் என்று. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கிவிட்டார்.

"இது நம்மட டிப்பார்ட்மெண்ட் இல்லை," என்றார் மனைவியிடம். "கால் டொக்டர் அவர்தான்."

"எந்தக் கால்ல மிதிக்கப்போறீங்க?" என்றாள் அவள். "இதிலயா, அதிலயா?"

அதில் மிதித்தால், இன்னும் முழுதாய்த் தேறாத முறிந்த கால். இதில் மிதித்தால், போன தடவை சொன்ன சூத்திரம் பொய்யாகிவிடும். மிதிக்காமல் விட்டால் பத்து மணி பஸ் அக்குறணைக்குப் போகிறது. தபால்காரர் இரண்டு கால்களையும் நீட்டி, எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்பதுபோல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் சப்பாத்தைக் கழற்றி, தரையைப் பார்த்தேன். நல்லவேளை, அவருக்கு நிழல் இருந்தது. தரையில் ஒன்றாய் விழுந்த அவருடைய கால்களின் நிழலை மூன்று தடவை மிதித்தேன்.

"ஒரு கிழமை பை தூக்கக் கூடாது," என்றேன். "தூக்கினா நிழல் முறிஞ்சிடும்."